குறுஞ்செய்தி வடிகட்டிக்குத் தேர்வு வைப்பது எப்படி?

கைபேசியின் குறுஞ்செய்திச் செயலியில் இருக்கும் ஸ்பேம் வடிகட்டி, பெரும்பாலும் இயந்திரக் கற்றலில் உருவான ஒரு வகைப்படுத்தி. வரும் ஒவ்வொரு செய்திக்கும் அது 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் 1-ஐ நெருங்க நெருங்க, அந்தச் செய்தி ஸ்பேம் என்ற சந்தேகம் வலுக்கிறது. செயலி ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறது. அது 0.8 என்றால், அதற்குக் குறையாத மதிப்பெண் பெற்றவை எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள் போகும், மற்றவை வழக்கமான பெட்டிக்கு வரும்.

வட்டி கணக்கிடும் நிரலைச் சோதிப்பது எளிது. அசலும் வட்டி விகிதமும் காலமும் கொடுத்தால் வரவேண்டிய தொகை முன்கூட்டியே தெரியும்; ஒரு பைசா மாறினாலும் நிரலில் பிழை. வடிகட்டிக்கு அப்படி ஒரு விதியை யாரும் எழுதவில்லை. ஆயிரக்கணக்கான பழைய செய்திகளிலிருந்து அது தானாகத் தேற்றிக்கொண்ட உறவுகள்தாம் அதன் விதிகள். அது சில செய்திகளில் தவறும் என்பது தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. எனவே சோதனை கேட்கும் கேள்வியும் மாறுகிறது: எத்தனையில் தவறுகிறது, எந்த வகைச் செய்தியில் தவறுகிறது, அந்த அளவு காலப்போக்கில் மாறுகிறதா?

நிலையான தொகுப்பு

முதல் கேள்விக்கு விடை தருவது, ஒருமுறை சேகரித்து, மனிதர்கள் படித்து முத்திரை குத்தி, பிறகு மாற்றாமல் பூட்டி வைத்த செய்தித் தொகுப்பு. மாடலின் ஒவ்வொரு புதிய பதிப்பும் இதே தொகுப்பின் மீது ஓட வேண்டும். தொகுப்பு மாறாதிருப்பதால்தான், இரண்டு பதிப்புகளின் எண்களில் தெரியும் வேறுபாடு மாடலிலிருந்து வந்தது என்று சொல்ல முடிகிறது.

பொதுவில் கிடைக்கும் தொகுப்புகளில் மிகவும் அறியப்பட்டது 2011-இல் அல்மெய்டா, கோமெஸ் ஹிடால்கோ, யமகாமி ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட எஸ்எம்எஸ் ஸ்பேம் கலெக்‌ஷன். அதில் 5,574 ஆங்கிலச் செய்திகள். அவற்றில் 747 ஸ்பேம். எல்லாச் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு ‘நல்ல செய்தி’ என்று சொல்லும் ஒரு நிரலே இதில் 86.6 சதவீதம் சரியாகச் சொல்லிவிடும். ஆகவே ‘எங்கள் வடிகட்டி 90 சதவீதம் சரி’ என்ற ஒற்றை எண் எதையும் நிரூபிப்பதில்லை.

இந்தத் தொகுப்பில் இன்னும் ஆழமான ஒரு சிக்கல் உண்டு. ஸ்பேம் செய்திகளில் பெரும்பகுதி, பிரிட்டனில் மக்கள் தங்களுக்கு வந்த ஸ்பேம் பற்றிப் புகார் எழுதிய ஒரு தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நல்ல செய்திகளில் பெரும்பகுதி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் திரட்டிய தொகுப்பிலிருந்து வந்தவை. ஆகவே இதில் பயின்ற மாடல், பவுண்டு குறியீடு வந்தால் ஸ்பேம், சிங்கப்பூர் பேச்சுவழக்கின் ‘லா’, ‘லோர்’ வந்தால் நல்லது என்று கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. அது ஸ்பேமை அடையாளம் காண்பது அல்ல, செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. அதே தொகுப்பின் இன்னொரு பகுதியை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை வெளியே வராது, ஏனென்றால் சோதனைப் பகுதியிலும் அதே ஊர் வேறுபாடு இருக்கிறது. ரூபாயும் தமிழும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் கலந்து வரும் கைபேசியில் வைத்தால்தான் அது தெரியவரும். மேலும் இத்தொகுப்பில் ஏறத்தாழ 400 செய்திகள் ஒன்றின் அச்சு அசலாக மற்றொன்று. தற்செயலாகப் பிரித்தால் ஒரே செய்தி பயிற்சிப் பக்கத்திலும் சோதனைப் பக்கத்திலும் விழுந்துவிடும். வினாத்தாளை முன்பே காட்டிவிட்டுத் தேர்வு வைத்தது போல மதிப்பெண் உயர்ந்து தெரியும்.

எனவே செயலிக்கான நிலையான தொகுப்பை, அந்தச் செயலி ஓடப்போகும் இடத்துச் செய்திகளிலிருந்தே கட்ட வேண்டும். ஒப்புதல் தந்தவர்களின் செய்திகளை மட்டும் எடுக்க வேண்டும். பெயர்களையும் எண்களையும் மறைக்க வேண்டும். மறைக்கும்போது ஓடிபி எண்ணின் இடத்தில் வேறு ஆறு இலக்கங்களைப் போடுவது நல்லது. நட்சத்திரக் குறி போட்டால், நிஜத்தில் ஒருபோதும் வராத வடிவத்தை மாடல் பார்க்கும். பயிற்சிக்குப் பயன்பட்ட செய்திகள் டிசம்பர் வரையிலானவை என்றால், தொகுப்பு ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலிருந்து வர வேண்டும். வடிகட்டி எப்போதும் தான் பார்த்திராத எதிர்காலச் செய்திகளைத்தான் சந்திக்கிறது. சோதனையும் அதே வரிசையில் நடந்தால்தான் பொருந்தும். முத்திரை குத்துவதை இருவர் தனித்தனியே செய்து, ஒத்துப்போகாத இடங்களில் மூன்றாமவர் முடிவு செய்வது வழக்கம். ஒருவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியே அனுப்பும் கடன் விளம்பரம் ஸ்பேமா இல்லையா என்பது போன்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் விதி இல்லாவிட்டால், முத்திரைகளே ஒன்றுக்கொன்று முரண்படும்.

ஒரு கணக்கை முழுமையாகப் பார்க்கலாம். தொகுப்பில் 2,000 செய்திகள். 300 ஸ்பேம், 1,700 நல்லவை என்று வைத்துக்கொள்வோம். தற்போது செயலியில் இருக்கும் பழைய மாடல் 300-இல் 276 ஸ்பேமைப் பிடிக்கிறது. பிடிப்பு விகிதம் 92 சதவீதம். நல்ல செய்திகளில் 17-ஐத் தவறாக ஸ்பேம் என்கிறது. இதை வீண்பழி விகிதம் என்று அழைத்தால், அது 1 சதவீதம். புதிய மாடல் 270 ஸ்பேமைப் பிடிக்கிறது. வீண்பழி 12 ஆகக் குறைகிறது. இரண்டு புள்ளி பிடிப்பை இழந்து, வீண்பழியில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் குறைத்திருக்கிறது. புதியதை வெளியிடலாமா?

முதலில், அந்த 276-க்கும் 270-க்கும் இடையிலான வேறுபாடு உண்மையானதா என்று பார்க்க வேண்டும். 300 செய்திகளை வைத்து அளந்த 92 சதவீதத்துக்கு, ஏறத்தாழ 3 புள்ளி இப்படியோ அப்படியோ ஆடும் இயல்பு உண்டு. இரு மாடல்களும் ஒரே செய்திகளைப் பார்த்திருப்பதால், இன்னும் கூர்மையாக ஒப்பிட முடியும். இரண்டுமே பிடித்தவையும் இரண்டுமே தவறவிட்டவையும் எதையும் சொல்லாது. பழையது பிடித்துப் புதியது விட்டவை 14, பழையது விட்டுப் புதியது பிடித்தவை 8 என்றால், ஆக மொத்தம் 22 செய்திகளில் மட்டுமே கருத்து வேறுபாடு. நாணயத்தை 22 முறை சுண்டினால் 14-க்கு 8 என்ற பிரிவு சாதாரணமாகவே விழும். ஆகவே பிடிப்பு குறைந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல இந்தத் தொகுப்பு போதாது.

அடுத்தது வீண்பழி. 17 பேர் 12 ஆனது நல்ல செய்தி போலத் தெரிகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் எடுத்துப் படிக்க வேண்டும். நல்ல செய்திகளில் ஓடிபி செய்திகள் 60 இருந்து, பழைய மாடல் அவற்றில் ஒன்றைக்கூடத் தடுக்காமல், புதியது மூன்றைத் தடுத்திருந்தால், வெளியிடக் கூடாது என்ற முடிவு அங்கேயே வந்துவிடுகிறது. விளம்பரம் ஒன்று தவறிப்போனால் யாருக்கும் நட்டமில்லை. ஓடிபி ஸ்பேம் பெட்டிக்குள் போனால் ஒருவர் பணம் அனுப்ப முடியாமல் கவுண்டரில் நிற்பார். மொத்த எண் முன்னேறும்போதே ஒரு முக்கியமான பிரிவு சரிவது வகைப்படுத்திகளில் அடிக்கடி நடக்கிறது. அதனால் தொகுப்பைப் பிரிவுகளாக வெட்டி, ஓடிபி, வங்கி எச்சரிக்கை, மருத்துவமனை நினைவூட்டல், தனிமனிதர் உரையாடல், தமிழ் எழுத்துச் செய்தி என ஒவ்வொன்றுக்கும் தனி வாசலை வைப்பது மொத்த விகிதத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. அறுபதில் மூன்று என்பது சிறிய எண்தான். ஆனால் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வந்திருக்கிறது, காரணம் கண்டுபிடிக்க அது போதும்.

தொகுப்புக்கு ஒரு ஆபத்து அதைப் பயன்படுத்துபவர்களிடமிருந்தே வருகிறது. தவறிய செய்திகளைப் பார்த்து, அவற்றைச் சரிசெய்யும் வகையில் மாடலைத் திருத்தி, மறுபடி அதே தொகுப்பில் ஓட்டுவதை இருபது முறை செய்தால், தொகுப்பு மெதுவாகப் பயிற்சிப் பொருளாகவே ஆகிவிடும். அன்றாடத் திருத்தங்களுக்கு ஒரு தொகுப்பு, வெளியீட்டுக்கு முன் ஒரே ஒருமுறை திறக்க மற்றொன்று என இரண்டு வைத்துக்கொள்வதே இதற்கு வழி.

சோதனை ஓட வேண்டிய இடமும் முக்கியம். ஆய்வாளரின் கணினியில் 92 சதவீதம் பெற்ற மாடல், கைபேசியில் சுருக்கப்பட்ட வடிவில் ஓடும். அங்கே செய்தியைச் சிறிய எழுத்தாக்குவது, இடைவெளியை நீக்குவது போன்ற முன்வேலைகளை வேறொரு மொழியில் வேறொருவர் எழுதியிருப்பார். இரண்டு விடைகளின் வரிசை மாறிப்போய், ஸ்பேமுக்கான மதிப்பெண்ணும் நல்ல செய்திக்கான மதிப்பெண்ணும் தலைகீழாக வாசிக்கப்படுவதும் நடக்கக்கூடியதே. தொகுப்பிலிருந்து சில நூறு செய்திகளைச் செயலியின் முழுப் பாதை வழியாகவே அனுப்பி, கணினியில் வந்த மதிப்பெண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் இந்த வகைப் பிழைகள் உடனே அகப்படும்.

ஓரத்துச் செய்திகள்

நிலையான தொகுப்பு சராசரியைச் சொல்கிறது. அரிதாக வரும், ஆனால் வந்தே தீரும் செய்திகள் அதில் ஒன்றிரண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவற்றை மனிதர்கள் யோசித்து எழுத வேண்டும். 2020-இல் மார்கோ டூலியோ ரிபெய்ரோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட செக்லிஸ்ட் என்ற முறை இதற்கு ஒரு நல்ல ஒழுங்கைத் தந்தது. அதன் மையக் கருத்துகளில் ஒன்று, சரியான விடை தெரியாமலேயே சோதிக்க முடியும் என்பது. பொருள் மாறாத ஒரு மாற்றத்தைச் செய்தியில் செய்தால், விடையும் மாறக்கூடாது. பரிசுச் செய்தியில் இருக்கும் பெயர் குமார் என்பதிலிருந்து பாத்திமா என்று மாறியதால் மதிப்பெண் ஏறினாலோ இறங்கினாலோ, மாடல் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறது. அதேபோல், ஒரு செய்தியின் முடிவில் சந்தேகமான இணைப்பு ஒன்றைச் சேர்த்தால் மதிப்பெண் குறையக் கூடாது.

தமிழ்ச் செய்திகளுக்கு இந்தச் சோதனையில் தனி வேலை இருக்கிறது. யூனிகோடில் ‘பொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மாடலுக்கோ, முன்வேலை எதுவும் செய்யாவிட்டால், இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒன்றைப் பயிற்சியில் பார்த்திருக்கும், மற்றதைப் பார்த்தே இருக்காது. ‘பொன்’ என்ற சொல்லை இரு வடிவங்களிலும் கொடுத்து ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்க்கும் சோதனை இவ்வளவு சிறியது:

```python
def test_pon_same_score():
    one = "\u0BAA\u0BCA\u0BA9\u0BCD"
    two = "\u0BAA\u0BC6\u0BBE\u0BA9\u0BCD"
    assert abs(score(one) - score(two)) < 1e-6
```

இது தோற்றால், மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டியதில்லை. செய்தியை மாடலிடம் கொடுக்கும் முன் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரி போதும். சொற்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல எழுத்தைச் செருகுவது, ஆங்கில ‘a’-வுக்குப் பதிலாக அதே போலத் தெரியும் ரஷ்ய எழுத்தைப் போடுவது ஆகியவை ஸ்பேம் அனுப்புபவர்கள் வேண்டுமென்றே செய்யும் வேலை. அதே சோதனை முறையால் இவற்றையும் பிடிக்கலாம்.

நீளமும் ஓர் ஓரம்தான். வழக்கமான ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் இடம் உண்டு. தமிழ் கலந்தால் அது 70 குறியீடுகளாகச் சுருங்குகிறது. உயிர்மெய் ஒன்று இரண்டு குறியீடுகளை எடுத்துக்கொள்ளும் மொழியில் 70 என்பது மிகக் குறைவு. ஆகவே தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் துண்டுகளாக வந்து கைபேசியில் ஒட்டப்படுகின்றன. ஒட்டும் முன்பே முதல் துண்டை மட்டும் மாடலிடம் கொடுக்கும் செயலி, ‘அன்பு வாடிக்கையாளரே, உங்கள் கணக்கு’ என்பதை மட்டும் படித்துத் தீர்ப்பு சொல்லும். மோசடி இணைப்பு மூன்றாம் துண்டில் இருக்கும். வெற்றுச் செய்தி, இமோஜி மட்டும் உள்ள செய்தி, இலக்கங்கள் மட்டும் உள்ள செய்தி ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு சோதனை வேண்டும். மாடல் கோப்பே திறக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று. அப்போது செய்தி வழக்கமான பெட்டிக்கே வர வேண்டும். வடிகட்டி செத்துப்போனதற்காக ஒருவருக்கு வந்த செய்தி காணாமல் போகக்கூடாது.

விலகலைக் கவனிப்பது

இவ்வளவும் வெளியீட்டுக்கு முன். செயலி மக்களின் கைக்குப் போன பிறகு மாடல் அப்படியே இருக்க, செய்திகள் மாறத் தொடங்கும். இதை விலகல் என்கிறார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தி, வணிகச் செய்தி அனுப்புபவரின் பெயருக்குப் பின்னால் வகையைக் காட்டும் எழுத்து வர வேண்டும் என்றது. விளம்பரத்துக்கு `-P`, சேவைக்கு `-S`, பரிவர்த்தனைக்கு `-T`, அரசுச் செய்திக்கு `-G`. அனுப்புபவரின் பெயரையும் ஒரு தடயமாகப் பயன்படுத்தும் எந்த மாடலுக்கும் இது ஒரு திடீர் விலகல். நேற்றுவரை நன்கு தெரிந்த வங்கியின் பெயர், இரண்டு எழுத்து நீண்டு இன்று அறிமுகமில்லாத பெயராக நிற்கிறது. மாடலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நிலையான தொகுப்பில் மதிப்பெண் அதே 92. நிஜத்தில் மட்டும் நிலைமை வேறு.

இதைப் பிடிக்க, மாடல் கொடுக்கும் மதிப்பெண்களின் பரவலை வாராவாரம் பழைய பரவலோடு ஒப்பிடுவது எளிய முறை. அதிகம் புழங்கும் அளவீடு PSI. மதிப்பெண்களைச் சில பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அன்று எத்தனை பங்கு, இன்று எத்தனை பங்கு என்று எடுத்து, இந்தச் சூத்திரத்தில் இடவேண்டும்:

```
PSI = Σ (இன்று − அன்று) × ln(இன்று / அன்று)
```

வெளியீட்டின்போது செய்திகளில் 80 சதவீதம் 0.2-க்குக் கீழும், 8 சதவீதம் 0.2-க்கும் 0.8-க்கும் இடையிலும், 12 சதவீதம் 0.8-க்கு மேலும் மதிப்பெண் பெற்றன என்போம். இந்த வாரம் அவை 68, 20, 12. முதல் பெட்டி 0.02, நடுப்பெட்டி 0.11, கடைசிப் பெட்டி சுழியம், கூட்டினால் 0.13. வழக்கத்தில் 0.1-க்குக் கீழ் அமைதி, 0.25-க்கு மேல் பெரிய மாற்றம், இடைப்பட்டது விசாரிக்க வேண்டியது என்று கொள்கிறார்கள். இவை அனுபவத்தில் வந்த வரம்புகளே, எந்தக் கோட்பாட்டிலிருந்தும் பிறந்தவை அல்ல. இந்த எடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டியது, ஸ்பேம் பெட்டிக்குப் போகும் பங்கு அன்றும் 12, இன்றும் 12 என்பது. அந்த எண்ணை மட்டும் வரைபடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. நடுவில் மட்டும் வீக்கம். முன்பு உறுதியாக ‘நல்லது’ என்று சொன்ன செய்திகளில் ஒரு பங்கை மாடல் இப்போது தயக்கத்தோடு பார்க்கிறது. அந்த நடுப்பெட்டிச் செய்திகளை அனுப்புபவர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், புதிய பின்னொட்டு கொண்ட பெயர்களே அதில் குவிந்திருப்பது புலப்படும்.

இரண்டு பரவல்கள் ஒன்றா என்று கேட்கும் வழக்கமான புள்ளியியல் சோதனைகளை இந்த இடத்தில் அப்படியே பயன்படுத்துவதில் ஓர் இடர் உண்டு. நாளுக்கு லட்சக்கணக்கில் செய்தி வரும் செயலியில், பொருட்படுத்தத் தேவையில்லாத வேறுபாட்டைக்கூட அவை ‘உறுதியான வேறுபாடு’ என்று அறிவிக்கும். தினமும் அடிக்கும் எச்சரிக்கை மணியை இரண்டாவது வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒப்பிடும் காலத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தைச் சாதாரண ஜூன் வாரத்தோடு ஒப்பிட்டால் தள்ளுபடிச் செய்திகளின் வெள்ளமே விலகலாகத் தெரியும். சென்ற ஆண்டின் அதே வாரம் இருந்தால் அதுவே சரியான அளவுகோல்.

விலகல் சோதனை சொல்லாத ஒன்று இருக்கிறது. பரவல் மாறியது என்று அது சொல்லும். தவறுகள் கூடினவா என்று சொல்லாது. ஸ்பேமின் பங்கு மட்டும் குறைந்தாலே பயனாளரின் அனுபவம் மாறிவிடும். பிடிப்பு 92, வீண்பழி 1 என்ற அதே மாடலுக்கு, ஆயிரத்தில் 150 ஸ்பேம் வந்த காலத்தில் பெட்டியில் விழுந்த நூறில் சுமார் 94 உண்மையான ஸ்பேம். ஆயிரத்தில் 50 என்று ஸ்பேம் குறைந்தால், 46 ஸ்பேமோடு ஒன்பது பத்து நல்ல செய்திகளும் சேர்ந்து விழும். நூறுக்கு 83 ஆகிவிடும். மாடல் எதையும் மறக்கவில்லை, ஆனாலும் வீண்பழிப் புகாரின் விகிதம் ஏறும். மறுபக்கம், மோசடிக்காரர்கள் மின்கட்டணத் துண்டிப்பு அறிவிப்பை அப்படியே நகலெடுத்து, எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால், மதிப்பெண் பரவலில் அசைவே இருக்காது. தவறு மட்டும் கூடும்.

இதற்கு மாற்றுவழி இல்லை. ஒப்புதல் தந்த பயனாளர்களிடமிருந்து வாரத்துக்குச் சில நூறு செய்திகளைத் தற்செயலாக எடுத்து, மனிதர்கள் மறுபடி முத்திரை குத்த வேண்டும். பயனாளர்கள் ‘இது ஸ்பேம்’ என்று அழுத்தும் பொத்தானை மட்டும் நம்பினால் பாதிதான் தெரியும். கண்முன் வந்த ஸ்பேமைத்தான் அவர்கள் புகார் செய்வார்கள். ஸ்பேம் பெட்டிக்குள் சிக்கிய நல்ல செய்தியை அவர்கள் பார்ப்பதே இல்லை. எனவே மாதிரியை இரு பெட்டிகளிலிருந்தும் எடுக்க வேண்டும். ஸ்பேம் பெட்டியிலிருந்து கூடுதலாக எடுத்து, கணக்கிடும்போது அதற்கேற்ப எடையைக் குறைத்துக்கொள்ளலாம். கைபேசியை விட்டுச் செய்தியே வெளியேறாத செயலிகளில் இதுவும் கடினம். அங்கே பெட்டிவாரியான எண்ணிக்கைகள் மட்டுமே வெளியே வரும். தவறின் அளவை அறிய, தாமாக முன்வந்து செய்திகளைப் பகிரும் சிறிய குழுவைத்தான் நம்ப வேண்டும். அந்தக் குழு எல்லாப் பயனாளர்களையும் போல இருக்காது என்பதையும் எண்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வாறு உறுதிசெய்யப்பட்ட தவறுகள் இரண்டு இடங்களுக்குப் போகின்றன. பின்னொட்டுச் சிக்கல் போலக் காரணம் தெளிவாகத் தெரிந்தவை ஓரத்துச் சோதனைகளில் சேர்ந்து, இனி ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓடும். ஒருமுறை சேர்ந்த சோதனையை நீக்குவதில்லை. மற்றவை அடுத்த நிலையான தொகுப்புக்கான பொருள். பழைய தொகுப்பில் புதிய செய்திகளைக் கலக்கக் கூடாது, கலந்தால் சென்ற ஆண்டு எண்களோடு ஒப்பிடும் வழி அடைபட்டுவிடும். 2025 தொகுப்பு, 2026 தொகுப்பு என்று ஆண்டோடு பெயரிட்டு, சில பதிப்புகள் வரை இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுகிறார்கள். பழையதில் 92, புதியதில் 85 என்று வந்தால், அந்த ஏழு புள்ளிதான் ஓராண்டில் செய்திகள் மாறியதால் ஏற்பட்ட இழப்பின் அளவு. மாடலை மறுபடி பயிற்றுவிக்கும் செலவு தகுமா என்று முடிவு செய்ய அந்த எண் போதும்.